ஐஈஎல்டிஎஸ் எஸ்ஸேல பெரிய வார்த்தையா, சாதா வார்த்தையா?

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுல எஸ்ஸே எழுதுற ரைட்டிங் டாஸ்க் 2-க்கு ரெண்டு விதமா தயாராகுறாங்க. ஒண்ணு, கனமான வார்த்தை லிஸ்ட்ட மனப்பாடம் பண்ணி எஸ்ஸேல எப்படியாவது நுழைக்கிறது. இன்னொண்ணு, தெரிஞ்ச வார்த்தைய பிழையில்லாம எழுதுறது. நான் ரெண்டாவதுலதான் எழுதினேன், இப்பவும் அந்தப் பக்கம்தான்.

லிஸ்ட் வழியில நல்லது இல்லாம இல்ல. எஸ்ஸேக்கு மார்க் போட மொத்தம் நாலு அளவுகோல், நாலுக்கும் சம வெயிட்டு, அதுல லெக்ஸிகல் ரிசோர்ஸ்னு ஒண்ணு சொல்வளத்துக்குன்னே இருக்கு. அபூர்வமான வார்த்தைய முயற்சி பண்ணி கொஞ்சம் தப்பா போனாலும் பேண்ட் 6 விவரிப்புல அதுக்கு இடம் இருக்கு. அதனாலதான் எல்லாரும் "தப்பானாலும் முயற்சிக்கு மார்க் வரும்"னு நம்பிடுறாங்க. ஆனா தப்பு அந்த ஒரு அளவுகோலுக்குள்ளயே நிக்காது, அதான் விஷயம்.

உதாரணத்துக்கு, ஆன்லைன் வகுப்பு நல்லதான்னு கேள்வி. "ஆன்லைன் கிளாசஸ் எக்ஸாசர்பேட் ஸ்டூடண்ட்ஸ் நாலெட்ஜ்"னு ஒருத்தர் எழுதுறார். லிஸ்ட்ல "அதிகப்படுத்து"ன்னு பாத்திருப்பார், ஆனா அது ஏற்கனவே கெட்டுக்கிடக்குறத இன்னும் மோசமாக்குறதுக்கு வர்ற வார்த்தை. சொல்வளத்துல அடி விழுறது ஒரு பக்கம், அதுக்கு மேல இவர் ஆன்லைன் வகுப்ப ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரான்னே புரியாமப் போகுது, நிலைப்பாடு தெளிவில்லைன்னா கேள்விக்கு எப்படி பதில் சொல்லியிருக்கோம்னு பாக்குற டாஸ்க் ரெஸ்பான்ஸ் அளவுகோல்லயும் மார்க்க இழுக்கும், அடுத்த வரி இதோட ஒட்டாததால கோர்வையும் போகும். "இம்ப்ரூவ்"னு எழுதியிருந்தா இதுல எதுவும் நடந்திருக்காது.

இலக்கணத்துலயும் இதே கதைதான். "பொல்யூஷன் ஹார்ம்ஸ் ஹெல்த்" சரியான வாக்கியம். ஹார்ம்ஸ எடுத்துட்டு "டெட்டீரியரேட்ஸ்"ன்னு போட்டா படிக்கவே உறுத்தும், ஏன்னா அது பொதுவா தானா கெட்டுப்போறதுக்கு வர்ற வினை, ஹெல்த் டெட்டீரியரேட்ஸ்னுதான் சொல்லுவாங்க. பெரிய வார்த்தை தனியா வராது, தன்னோட இலக்கணத்தையும் கூட்டிட்டுத்தான் வரும், லிஸ்ட்ல அத யாரும் எழுதி வைக்கிறதில்ல.

சரி, சாதா வார்த்தைக்கும் ஒரு எல்லை இருக்கு. குட், பேட், திங்ஸ்னே 250 வார்த்தையும் ஓட்டினா 7 எதிர்பாக்க முடியாது, அங்க அதிகம் புழங்காத வார்த்தையும் கேட்கிறாங்க, ஆனா எது எதோட சேரும்ங்கிற உணர்வோட கேட்கிறாங்க. ரெய்ஸ் அவேர்னஸ், மீட் த டிமாண்ட் மாதிரி, தனித்தனியா பாத்தா சாதாரணம்தான், சரியா ஜோடி சேர்ந்தா அதுவே சொல்வளமா தெரியும். 8-க்கு மேல குறி வச்சவங்களுக்கு இது மட்டும் போதும்னு நான் சொல்லமாட்டேன்.

ஒரு வார்த்தைய போடலாமா வேணாமான்னு சந்தேகம் வந்தா, அது வர்ற வாக்கியம் ரெண்டு, எங்கயோ நிஜமா படிச்சது, அதுக்கு முன்னயும் பின்னயும் என்ன வந்துச்சுன்னு சேத்து ஞாபகம் வருதான்னு பாருங்க. அர்த்தம் மட்டும்தான் ஞாபகம் வருதுன்னா அன்னைக்கு அத விட்டுட்டு சாதா வார்த்தையவே எழுதிடுங்க.