அம்மாவோட போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்க போட்டோவுல பார்த்தே சரிபார்க்கிறேன் – ரெண்டு வருஷத்துக்கு மேல ஆன அனுபவம்

அம்மா ஊர்ல இருக்காங்க, நான் வெளியூர். 2023-ல அம்மா பேர்ல போஸ்ட் ஆபீஸ் மாதாந்திர வருமானத் திட்டத்துல மூணு லட்சம் போட்டோம், 7.4 சதவீதம், மாசம் 1,850 ரூபா அவங்க சேவிங்ஸ் கணக்குல வந்து விழும். எடுக்கிறது போடுறது எல்லாம் அந்தக் கணக்குலதான். மாசம் ஒரு தடவ பாஸ்புக்ல என்ட்ரி போட்டுட்டு அந்தப் பக்கத்த போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, நான் ஷீட்ல ஏத்தி ஒவ்வொரு வரிக்கும் பேலன்ஸ் ஒத்துவருதான்னு பார்ப்பேன். "ஏம்ப்பா, கவர்மென்ட் ஆபீஸ்ல தப்பா போட்டுருவாங்களா"ன்னு இன்னிக்கும் கேக்குறாங்க. உண்மைய சொன்னா நான் புடிச்ச தப்புல முக்காவாசி என் கண்ணு பண்ண தப்புதான், ஆனா எது யார் தப்புன்னு பிரிக்கத் தெரியணும்ல, அதத்தான் எழுதுறேன்.

ஷீட் ரொம்ப சிம்பிள். A தேதி, B விவரம், C எடுத்தது, D போட்டது, E பாஸ்புக்ல அச்சாகி இருக்கிற பேலன்ஸ். E-ய கணக்கு போட விடக்கூடாது, போட்டோல இருக்கிறத அப்படியே பார்த்து அடிக்கணும். F-ல மட்டும் மூணாவது வரியில இருந்து இந்த ஃபார்முலா:

```
=ROUND(E2+D3-C3-E3,2)
```

மேல் வரி பேலன்ஸோட போட்டத கூட்டி எடுத்தத கழிச்சு, இந்த வரி பேலன்ஸ கழிக்குது, எல்லாம் சரின்னா 0. அந்த ROUND இல்லாம ஆரம்பத்துல வச்சிருந்தேன், ஒரு வரி பைசாவோட வந்தப்ப 0-க்கு பதிலா 1.8E-12 மாதிரி என்னமோ காட்டி அரை மணி நேரம் தலைய பிச்சுக்கிட்டேன்.

இப்ப ஒரு பக்கத்த எடுத்துக்குவோம். முந்தின பக்கத்துல இருந்து வந்த பேலன்ஸ் 12,340. ஏப்ரல்ல வட்டி 1,850 வந்து 14,190, அப்புறம் 3,000 எடுத்து 11,190, 5,000 போட்டு 16,190, மே மாசம் வட்டி 1,850 வந்து 18,040, அதுல 6,500 எடுத்து 11,540. இதுல அந்த 18,040-ல இருக்கிற 8 ரிப்பன் மங்கி பாதிதான் விழுந்திருந்துச்சு, நான் 13,040-ன்னு அடிச்சுட்டேன். F-ல அந்த வரியில 5000, அடுத்த வரியில -5000. இப்படி ஒரே தொகை ஒரு பிளஸ் ஒரு மைனஸா அடுத்தடுத்த வரியில வந்தா பேலன்ஸ் கட்டத்ததான் தப்பா படிச்சிருக்கோம்னு அர்த்தம், ஏன்னா அந்த ஒரு எண் மேல் கணக்குக்கும் போகுது கீழ் கணக்குக்கும் போகுது. 3-ஐயும் 8-ஐயும் மாத்திப் படிச்சா வித்தியாசம் எப்பவும் 5-ல ஆரம்பிச்சு மிச்சம் சைபரா வரும், 1-ம் 7-ம் மாறினா 6. இப்பல்லாம் F-ல அந்த நம்பர பார்த்ததுமே போட்டோல எத ஜூம் பண்ணணும்னு தெரிஞ்சுருது.

அதே பக்கத்துல 6,500-ஐ 5,600-ன்னு அடிச்சா கதை வேற. அந்த ஒரு வரியில மட்டும் 900 நிக்கும், அடுத்த வரி சுத்தமா 0. ஒத்தையா நின்னா தொகை கட்டத்துல பிரச்சனை. பக்கத்து பக்கத்து இலக்கம் ரெண்டு இடம் மாறி அடிச்சிருந்தா வித்தியாசம் 9-ஆல வகுபடும், அது பழைய கணக்குப்பிள்ளைங்க வித்தை, இன்னிக்கும் வேலை செய்யுது. வித்தியாசம் அந்த வரித் தொகையோட ரெண்டு மடங்கா இருந்தா போட்டத எடுத்தது கட்டத்துல அடிச்சிருப்போம். அம்மா சாய்ச்சு போட்டோ புடிச்சு கட்டத் தலைப்பு வெட்டுப்பட்ட மாசமெல்லாம் எனக்கு இதான் நடக்கும். கரெக்டா 1,850 நின்னா ஒரு வட்டி வரியவே விட்டுருக்கேன், பெரும்பாலும் அது நடு மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும்.

போட்டோ விஷயத்துல நான் அம்மாகிட்ட கெஞ்சிக் கேட்டு வாங்கினது ரெண்டே ரெண்டுதான். பிளாஷ் போடாம வாசல் வெளிச்சத்துல மடிப்ப கையால அமுக்கிட்டு எடுக்கணும், அப்புறம் வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்பணும், இல்லன்னா அது சுருக்கி அனுப்பி மங்கின எழுத்து இன்னும் மங்கிப்போகும். பிரிண்டர்ல போன தடவ எந்த வரியில விட்டாங்கன்னு சரியா வைக்காம பழைய வரி மேலயே புது வரி அச்சான பக்கமும் ஒண்ணு இருக்கு. அத எவ்வளவு ஜூம் பண்ணாலும் படிக்க முடியாது, மேல பேலன்ஸ் கீழ பேலன்ஸ் வச்சு நடுவுல மொத்தமா எவ்வளவு போயிருக்குன்னுதான் சொல்லலாம்.

நெசமான தப்பு ஒண்ணே ஒண்ணு சிக்குச்சு, அது இந்தக் கணக்குல இல்ல, சித்தியோட பழைய பாஸ்புக். கிராமத்து கிளை அஞ்சலகம், கையால எழுதிக் குடுத்தது. 4,270 இருந்துச்சு, 850 போட்டிருக்காங்க, 5,120 வரணும், எழுதியிருந்தது 5,020. கூட்டும்போது மிச்சம் 1 மேல ஏத்த மறந்துட்டாங்க. அதுக்கப்புறம் வந்த வரியெல்லாம் 5,020-ஐ வச்சு சரியாவே போகுது, அதனால F-ல அந்த ஒரு வரியில மட்டும் 100. நான் தொகைய தப்பா படிச்சா வர்ற அதே அடையாளம்தான் இது, அதனால மறுபடி ஜூம் பண்ணேன், மூணு எண்ணும் பளிச்சுனு தெளிவா இருந்துச்சு, படிச்சதுல தப்பில்லன்னா எழுதினதுலதான் தப்பு. சித்தி பணம் கட்டின ஸ்லிப்பையும் புக்கையும் எடுத்துட்டுப் போனாங்க, கம்ப்யூட்டர்ல கணக்கு 100 ரூபா கூடத்தான் இருந்திருக்கு, புக்ல திருத்தி கையெழுத்தும் தேதி முத்திரையும் போட்டுக் குடுத்தாங்க. பணம் எங்கயும் போகல. ஆனா சித்தி அந்த 100 ரூபாய்க்கு ஊரெல்லாம் என் பெருமை பேசிட்டாங்க.

ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அத சொல்லாம விட்டா நல்லா இருக்காது. நீங்க கவுன்டர்ல குடுத்த பணம் புக்ல ஏறவே இல்லன்னா F எல்லாமே 0-ன்னுதான் காட்டும். இல்லாத வரிய கூட்டல் கழித்தல் கண்டுபிடிக்காது. அதுக்கு பணம் கட்டின எஸ்பி-103 ஸ்லிப்போட கிழிச்ச பகுதிய வச்சு D கட்டத்துல ஒண்ணொண்ணா டிக் அடிக்கணும். வட்டிக்கும் இதே கதைதான், ஏப்ரல்ல இருந்து மார்ச் வரை எல்லா மாசமும் 1,850 இருக்கான்னு எண்ணிப் பார்ப்பேன், 12 வரணும். சேவிங்ஸ் வட்டி மார்ச் கடைசியில ஒரே வரியா வரும். அது 4 சதவீதம், ஆனா ஒவ்வொரு மாசமும் 10-ஆம் தேதிக்கு மேல மாசக் கடைசிக்குள்ள இருந்த குறைஞ்ச பேலன்ஸுக்குத்தான், மேல சொன்ன ஏப்ரல்ல 3,000-ஐ 10-ஆம் தேதிக்கு அப்புறம் எடுத்திருந்தா அது 11,190. இது தெரியாம முதல் வருஷம் சராசரி பேலன்ஸ் வச்சு போட்டுட்டு வட்டி கம்மியா குடுத்துட்டாங்கன்னு அம்மாவ கவுன்டருக்கு அனுப்பி திட்டு வாங்கினேன்.

மாசம் பத்து நிமிஷம் ஆகுது இப்ப. போன மாசம் புது பாஸ்புக் குடுத்திருக்காங்க, முதல் வரி பேலன்ஸும் பழைய புக் கடைசி வரியும் ஒண்ணான்னு பார்க்கணும், அம்மா பழைய புக்க எங்கயோ வச்சுட்டு பீரோவுல தேடிக்கிட்டு இருக்காங்க.