லோன் காட்டில கையெழுத்து இருந்தது, கொம்பனிக் கணக்கில காசு இல்லை: அப்பாவுக்கு எழுதின கடிதம்

வன்னியில பிள்ளையள வெளிநாட்டுக்கு அனுப்பிப்போட்டு, அதுகளின்ர லோனை ஊரில நிண்டு கட்டுற தாய் தகப்பன்மாருக்காக இதைப் போடுறன். நான் குவைத்தில வீட்டு வேலை செய்யிறன். எங்கட வீடு விசுவமடுப் பக்கம். லோன் தந்த கொம்பனியின்ர கணக்கில ரெண்டு தவணைக் காசு கட்டியும் கட்டாத மாதிரி நிக்குது. அப்பாவுக்கு எழுதின கடிதத்தைக் கொம்பனிப் பேரும் ஆக்களின்ர பேரும் இல்லாமல் அப்படியே போடுறன்.

அன்புள்ள அப்பாவுக்கு,

போன்ல கதைச்சா நீங்களும் அழுறியள், நானும் அழுறன், சொல்ல வந்தது பாதியில நிண்டுடுது. அதால எழுதுறன். தங்கச்சியைக் கொண்டு ஆறுதலா வாசிப்பியுங்கோ. முதல்ல ஒண்டு, இதில உங்களில பிழை இல்லை. தவணைக் காசு வாங்க வீடு தேடி வந்து, முற்றத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சு, “ஐயா, ஐயா” எண்டு கதைச்ச பெடியனை நம்பினியள். நானும் அப்படித்தான் நம்பியிருப்பன்.

என்ன நடந்தது எண்டு இப்ப முழுசா விளங்கிட்டுது. கிணற்றை ஆழமாக்கி மோட்டர் போட 2024 பெப்ரவரியில எடுத்த மூண்டு லட்சம், 36 மாதம், மாதம் 14,340 ரூபா. மே மாதம் நான் வெளிக்கிடும் வரைக்கும் கிளிநொச்சிக் கிளையில நானே கட்டினன். ஜூனில இருந்து நீங்கள் கட்டினியள். ஜூன் மாதம் அந்தப் பெடியன் இடுப்பில கொழுவியிருந்த மெசினில துண்டு அடிச்சுத் தந்தவர். ஜூலையில “மெசினுக்கு றோல் முடிஞ்சுது ஐயா, காட்டில எழுதிவிடுறன்” எண்டு தவணை எழுதுற மஞ்சள் காட்டில தொகையை எழுதிக் கையெழுத்து வைச்சார். ஓகஸ்டிலயும் அதே கதை. செப்டெம்பரில மட்டும் இலக்கம் அடிச்ச ரிசீற் புத்தகத்தில இருந்து கையால எழுதி ஒரு துண்டு கிழிச்சுத் தந்தார். ஒக்டோபரில வேற ஆள் வந்தார், மெசின் துண்டு தந்தார். நாங்கள் எல்லாம் ஒழுங்காப் போகுது எண்டு இருந்திட்டம்.

ஜனவரியில பிணைக்குக் கையெழுத்து வைச்ச மாமிக்குக் கொம்பனியால போன் வந்த பிறகுதான் தெரிஞ்சது. நான் இங்கயிருந்து கேட்டு எடுத்த ஸ்டேற்மென்ற்றில ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் மூண்டு வரியும் வெறுமையாக் கிடந்தது. அந்தப் பெடியன் வேலையை விட்டுப் போயிட்டாராம்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, “ஒக்டோபரில இருந்து மாதாமாதம் கட்டுறன், பிறகு ஏன் நிலுவை கூடிக்கொண்டு போகுது?” எண்டதுதானே. எனக்கும் முதல்ல விளங்கேல்ல. இருந்து கணக்குப் பார்த்தன். கொம்பனிக்காரர் காசு வாங்கினா இந்த மாதத் தவணைக்கு எண்டு போடுறேல்ல. முதல்ல தண்டவட்டியைக் கழிப்பினம், மிச்சத்தை ஆகப் பழைய நிலுவைக்குப் போடுவினம். எங்கட ஒப்பந்தத்தில நிலுவைக்கு மாதம் 3 வீதம் தண்டம். மூண்டு தவணை விடுபட்ட உடன 43,020 ரூபா நிலுவை. ஒக்டோபர் வரைக்கும் அதுக்கு ஏறின தண்டம் கிட்டத்தட்ட 2,580. நீங்கள் ஒக்டோபரில குடுத்த 14,340 இல அந்த 2,580 ஐ முதல்ல எடுத்துட்டினம். மிச்சம் 11,760 தான் தவணைக்குப் போச்சுது. அப்ப ஒக்டோபர் முடிய நிலுவை 45,600. நவம்பரில 46,968. டிசம்பரில 48,377. ஜனவரியில 49,828. நீங்கள் ஒரு நாளும் பிந்தாமல் கட்டியும் கொம்பனிப் புத்தகத்தில மூண்டு மாதம் பிந்தின ஆளாகத்தான் நிண்டியள். இதை ஒருத்தரும் எங்களுக்கு வாய் திறந்து சொல்லேல்ல.

நிலுவை விழுந்த உடன கொம்பனி எஸ்எம்எஸ் அனுப்பித்தான் இருக்கு. லோன் என்ர பேரில. பதிஞ்ச நம்பர் என்ர பழைய சிம். அது அலுமாரி லாச்சியில செத்துப்போய்க் கிடக்குது. ஓகஸ்டில ஒரு எஸ்எம்எஸ் உங்கட கண்ணில பட்டிருந்தா ஒரு தவணையோட நிண்டிருக்கும். வெளிக்கிடுற அவசரத்தில நம்பரை மாத்தாமல் வந்தது என்ர பிழை. இதை நினைச்சு நித்திரையில்லாமல் கிடந்தன் அப்பா.

கிளையில மாமி அந்த மஞ்சள் காட்டைக் காட்டினவா. “காட்டில எழுதுறது ரிசீற் இல்லை, மெசின் துண்டு இல்லாமல் காசு குடுக்கக் கூடாது எண்டு காட்டுக்குப் பின்னால இருக்குது” எண்டு சொல்லிச்சினமாம். பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினவா. இருக்குதுதான், பொடி எழுத்தில, சிங்களத்திலயும் இங்கிலீசிலயும். கடன் தரேக்க தமிழில சிரிச்சுக் கதைக்கத் தெரிஞ்சவைக்கு அந்த ஒரு வரியைத் தமிழில அடிக்கத் தெரியேல்லயா? அவையின்ர ஆள், அவையின்ர சட்டையைப் போட்டுக்கொண்டு, அவையின்ர காட்டில வைச்ச கையெழுத்து அது. அதுக்குப் பொறுப்பு எங்கட தலையிலயா?

செப்டெம்பர்த் துண்டில இலக்கம் இருந்தபடியால் அதை மட்டும் ஏற்றுக்கொண்டு கணக்கில போட்டிட்டினம். மிச்சம் நிக்கிறது ஜூலையும் ஓகஸ்டும், 28,680 ரூபாவும் அதுக்கான தண்டமும். கொம்பனிக்கு எழுத்தில முறைப்பாடு குடுத்தாச்சு. அவையின்ர பதில் சரியில்லை எண்டா மத்திய வங்கியின்ர நிதி நுகர்வோர் பிரிவுக்குப் போவன், 1935 அடிச்சாக் கதைக்கலாம். அங்கயும் முதல்ல “கொம்பனிக்கு எழுதினீங்களா” எண்டுதான் கேப்பினம். அதால மாமி குடுத்த கடிதத்தின்ர கொப்பியில கிளை குத்தின திகதி முத்திரை இருக்கெல்லே, அதைத் துலைச்சுப் போடாதேங்கோ.

இனி என்ன செய்யிறது எண்டு சொல்லுறன். வீட்டுக்கு வாற ஆளிட்ட காசு குடுக்காதேங்கோ. மெசின் கொண்டு வந்தாலும் வேண்டாம். எனக்குச் சம்பளம் 5ஆம் திகதி, அனுப்பினா உங்கட புத்தகத்தில விழ ரெண்டு மூண்டு நாள் செல்லும், இடையில அங்க சனி ஞாயிறு வந்தா இன்னும் பிந்தும். தவணை நாள் 10 எண்டபடியால்தான் நீங்கள் ஓடுப்பட்டு, வாசலுக்கு வாறவரிட்டக் குடுக்க வேண்டி வந்தது. தவணை நாளை 20 ஆக்கச் சொல்லிக் கேட்டுக் கடிதம் எழுதி அனுப்புறன். அதோட உங்களுக்கு அதிகாரம் குடுக்கிற கடிதமும் என்ர அடையாள அட்டைக் கொப்பியும் வரும். அது இல்லாமல் போனா, லோன்காரர் வந்தால்தான் ஸ்டேற்மென்ற் தருவம் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவினம். அண்டைக்கே நம்பரையும் உங்கட நம்பருக்கு மாத்துங்கோ.

பஸ்ஸில கிளிநொச்சிக்குப் போய்க் கிளைக் கவுண்டரிலயே கட்டுங்கோ. போக வர அரைநாள் மினைக்கேடுதான், தெரியும். துண்டைக் கையில வாங்கின உடன அங்கேயே நிண்டு லோன் நம்பரின்ர கடைசி நாலு இலக்கத்தையும் தொகையையும் திகதியையும் பாருங்கோ. பிறகு வெளியில வரமுதலே போனில படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ. பிறகு பாப்பம் எண்டு விடாதேங்கோ, ஏனெண்டா அந்த மெசின் துண்டு மையால அடிக்கிறேல்ல, சூட்டால அடிக்கிறது. எங்கட தகரக் கூரை வெக்கைக்கு நிக்காது. ஜூன் மாதத் துண்டைப் பொலித்தீன் பையில போட்டு எவ்வளவு கவனமா வைச்சிருந்தனீங்கள், தங்கச்சி எடுத்துப் பார்க்க வெறும் வெள்ளைக் கடதாசி. நல்லகாலம், அது கொம்பனிக் கணக்கில ஏறியிருந்தது.

மூண்டு மாதத்துக்கு ஒருக்கா ஸ்டேற்மென்ற் கேளுங்கோ. நீங்கள் கட்டின ஒவ்வொரு திகதிக்கும் நேரே ஒரு வரி இருக்க வேணும். தண்டம் எண்ட இடத்தில ஒரு ரூபா ஏறியிருந்தாலும் அண்டைக்கே கேட்கோணும்.

பெரும்போக நெல்லு வித்த காசில ஒரு லட்சத்தைக் கொண்டுபோய்க் கட்டிவிடுவம் எண்டு சொன்னியள். அப்படிச் சும்மா கட்டாதேங்கோ. கூடக் கட்டினா அதை வாற தவணையளுக்கு முற்பணமாப் போட்டு வைப்பினம், வட்டி குறையாது. முழுக்க முடிக்கிறதெண்டா, எவ்வளவு கட்டினா முடியும், எந்தத் திகதி வரைக்கும் அந்தத் தொகை செல்லும் எண்டு கடிதம் வாங்கித்தான் முடிக்கோணும். இப்ப அந்த நெல்லுக் காசில 28,680 ஐ மட்டும் எடுங்கோ. ஓமப்பா, திரும்பவும் கட்டத்தான் சொல்லுறன். எனக்கும் வயிறு எரியுது. ஆனா முறைப்பாடு முடியும் வரைக்கும் மாதம் 3 வீதம் ஓடிக்கொண்டிருக்கும், பிணை நிண்ட மாமிக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் போன் போய்க்கொண்டிருக்கும். கட்டேக்க, “ஜூலை, ஓகஸ்ட் தவணை முதலே கட்டியாச்சு, முறைப்பாடு நிலுவையில் இருக்கிறது, தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையில் கட்டுகிறேன்” எண்டு நான் எழுதி அனுப்புற கடிதத்தையும் குடுத்து, கொப்பியில முத்திரை குத்தி வாங்குங்கோ. அந்தக் கடிதம் இல்லாமல் கட்டினா, கட்டேல்ல எண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரிப் போயிடும்.

அந்தத் தண்டக் காசுக்காக அம்மாவை ஒரு குழுக்கடனிலயும் சேர விடாதேங்கோ. கிழமைக்குக் கிழமை கட்டுற அந்தக் கடனை எடுத்து இந்தக் கடனை அடைக்க வெளிக்கிட்டு, தோட்டையும் வளையலையும் ஈடு வைச்ச வீடுகள் எங்கட ஒழுங்கையிலயே இருக்குது. தண்டத்துக்கு நான் அடுத்த சம்பளத்தில கூட அனுப்புவன்.

ஒண்டு மறந்துபோனன். மஞ்சள் காட்டில ஜூலை, ஓகஸ்ட் கையெழுத்து இருக்கிற பக்கத்தை மாமி அனுப்பின படத்தில பேனை எழுத்து வடிவாத் தெரியேல்ல. காலமை வெயிலுக்கு முற்றத்துக்குக் கொண்டுவந்து, கதிரையில வைச்சு, தங்கச்சியைக் கொண்டு கிட்டவா எடுப்பிச்சு அனுப்புங்கோ. காட்டை மட்டும் ஒருத்தரிட்டயும் குடுத்துப்போடாதேங்கோ. கொம்பனி கேட்டாலும் போட்டோக் கொப்பிதான் குடுக்கோணும்.

உங்கட மூத்த பிள்ளை