கோத்தகிரியில் ஒன்பது டிகிரி, ஒரு ஹாரன் ரிலே

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு மனைவியின் ஊரான கோத்தகிரிக்குப் போயிருந்தோம். அங்கே மச்சானிடம் 2004 மாடல் டீசல் வண்டி ஒன்று இருக்கிறது. ஏழு பேர் உட்காரலாம், பாடி இன்னும் கல்லு மாதிரி. ஆனால் "காலையில மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும் மாப்பிள்ளை" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் காலை ஆறேகாலுக்கு அந்த அடத்தைப் பார்த்தேன். வெளியே ஒன்பது டிகிரி. மச்சான் சாவியைத் திருப்பினார், டேஷ்போர்டில் சுருள் கம்பி மாதிரியான மஞ்சள் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைந்தது. பிறகு செல்ஃப் அடித்தார். பதினைந்து நொடி சுற்றியும் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவையில் வண்டி உடம்பை உதறிக்கொண்டு உயிர் பெற்றது. பின்னால் வெள்ளைப் புகை வாசல் முழுக்கப் பரவியது. கண் எரிந்தது, எரியாத டீசல் நாற்றம். இரண்டு நிமிடத்தில் புகை நின்று இஞ்சின் சீராக ஓடியது. அதன்பின் நாள் முழுக்க எத்தனை தடவை நிறுத்தினாலும் ஒரே தொடலில் ஸ்டார்ட்.

மாமா, "கீழே கோயம்புத்தூரில் காட்டிட்டு வாங்க" என்றார். போனோம். சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. மலை இறங்கி மேட்டுப்பாளையம் வர முப்பது கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரம். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது, ஊரும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மெக்கானிக் சாவியைத் திருப்பினார், சட்டென்று பிடித்தது. "வண்டி நல்லாத்தானுங்க இருக்கு. பேட்டரி வீக்கா இருக்கும்." புது பேட்டரி 6,200 ரூபாய். மறுநாள் காலை அதே பதினைந்து நொடி, அதே புகை. செல்ஃப் மட்டும் முன்னைவிட வேகமாகச் சுற்றியது. இந்தக் கோளாறைக் காட்ட வேண்டுமென்றால் வண்டியை இரவே பட்டறையில் விட்டுவிட வேண்டும், அதுவும் குளிர்கிற ஊரில்.

சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். காக்கி புக்கிட்டில் லாரி, வேன் பட்டறையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி புகையைப் பற்றி: "டீசல் வாடையா, இனிப்பு வாடையா? ரேடியேட்டர் தண்ணி குறையுதா?" கூலன்ட் எரிந்தால் வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காது, வாடை இனிப்பாக இருக்கும், தண்ணீரும் குறையும். எங்களுக்கு அது எதுவும் இல்லை. "அப்போ ஹீட்டர் பிளக்தான். இல்லைன்னா அதுக்குக் கரண்ட் போகலை."

மச்சான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். "ஹீட்டர் பிளக் நாலும் ரெண்டு வருஷம் முன்னாடியே மாத்தியாச்சே! விளக்கும் ஒழுங்கா எரிஞ்சு அணையுதே."

அந்த விளக்கை நம்பக் கூடாது என்றார் அண்ணன். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் அது இஞ்சின் தண்ணீரின் சூட்டைப் பார்த்து, டைமர் கணக்கில் எரிந்து அணைகிறது. பிளக் சூடானதா என்று அதற்குத் தெரியாது.

டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மச்சான் வண்டி மாதிரிப் பழைய வகையில் டீசல் நேராக பிஸ்டன் மேல் போவதில்லை. சிலிண்டர் ஹெட்டிலுள்ள சின்ன அறைக்குள் போகிறது. குளிர்ந்த காலையில் அந்த அறையின் சுவரே பாதிச் சூட்டை விழுங்கிவிடும். அங்கே மூக்கை நீட்டிக்கொண்டு சிவக்கச் சூடாகி நிற்பதுதான் ஹீட்டர் பிளக். அது சூடாகாவிட்டால் டீசல் பற்றாமல் ஆவியாக வெளியேறும். நாங்கள் பார்த்த வெள்ளைப் புகை அதுதான். டீசல் நேராக பிஸ்டன் மேல் போகும் புதிய காமன் ரயில் வண்டிகள் ஒன்பது டிகிரியில் பிளக் உதவி இல்லாமலே பெரும்பாலும் பிடித்துவிடும்.

ஊரிலேயே ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். முந்தின நாள் இரவு வண்டியை நிறுத்திய இடத்திலேயே, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வந்தார். நான்கு பிளக்கையும் இணைக்கும் உலோகப் பட்டையில் மீட்டரின் ஒரு முனை, இஞ்சின் பாடியில் மறு முனை. மச்சான் சாவியை ஆன் பண்ணினார். பிளக்குகளுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்சான ரிலே "டக்" என்றது. மீட்டரில் நான்கு வோல்ட். பேட்டரியில் 12.6 இருக்கிறது! ரிலேயின் உள்வரும் கம்பியில் பார்த்தால் 11.9, வெளிப்போகும் கம்பியில் நான்கு. மீதி வோல்ட் எல்லாம் ரிலேக்குள்ளேயே கரைகிறது.

பட்டையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பார்த்தால் 12.5 காட்டியது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இழுக்க ஆள் இல்லாதபோது கெட்ட ரிலேயும் முழு வோல்ட் காட்டும். பிளக் மாட்டியிருக்கும்போது பார்த்தால்தான் உண்மை தெரியும். "டக்" சத்தமும் அப்படித்தான். உள்ளே காந்தம் இழுக்கிறது என்பதற்கு மட்டும் அது சாட்சி, காண்டாக்ட் சேர்ந்ததற்கு இல்லை.

பட்டை கழன்றிருக்கும்போதே ஒவ்வொரு பிளக்கையும் ஓம்ஸில் அளந்தார். மூன்றில் 0.8 ஓம். மூன்றாவது சிலிண்டரில் மீட்டர் OL என்றது, உள்ளே கம்பி அறுந்துவிட்டது. பிளக்குகள் பட்டையில் சேர்ந்திருக்கும்போது இப்படி அளந்தால் நான்கும் கலந்து ஒரே எண்தான் வரும், அறுந்தது மறைந்துவிடும்.

ரிலேயைப் பிடுங்கித் திருப்பிக் காட்டினார். முதுகில் 30A என்று அச்சிட்டிருந்தது. "இது ஹாரனுக்குப் போடுறதுங்க!" கணக்கு எளிது. 12 வோல்ட்டை 0.8 ஓமால் வகுத்தால் ஒரு பிளக் தொடக்கத்தில் 15 ஆம்பியர் இழுக்கும். நான்குக்கு 60. சூடாகச் சூடாக அது குறையும், ஆனாலும் முதல் இழுப்பைத் தாங்க வேண்டியது ரிலேதான். இரண்டு வருடம் முன்பு பிளக் மாற்றிய யாரோ கையில் கிடைத்ததைச் சொருகியிருக்கிறார். ஒவ்வொரு குளிர்காலையிலும் காண்டாக்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகியிருக்கிறது.

70 ஆம்பியர் ரிலே 650 ரூபாய். பிளக் ஒன்று 420. பிளக்கைக் கழற்றும் முன் இஞ்சினைச் சூடாக்கி, திரெட்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். அவசரப்பட்டால் பிளக் ஹெட்டுக்குள்ளேயே முறியும், அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். மச்சான், "பேட்டரியிலிருந்து நேரா ஒரு வயர் இழுத்து பிளக்கை டெஸ்ட் பண்ணலாமே" என்றார். இந்தப் பழைய 12 வோல்ட் வகையில் சில நொடி செய்யலாம். புதிய வண்டிகளில் ஐந்து, ஏழு வோல்ட் பிளக்குகளும் வருகின்றன, அவற்றில் 12 கொடுத்தால் அங்கேயே போய்விடும்.

மறுநாள் காலை எட்டு டிகிரி. பட்டையில் 11.3 வோல்ட். மச்சான் விளக்கு அணைந்ததும் இன்னும் ஐந்து நொடி பொறுத்துச் செல்ஃப் அடித்தார். இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் புகைக்காகக் காத்திருந்தார், வரவில்லை.

திரும்பி வந்ததும் கருகின ரிலேயைக் காக்கி புக்கிட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் மூடியைப் பெயர்த்துக் கரியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, சர்வீஸுக்கு வந்திருந்த பழைய வேன் ஒன்றின் பிளக்குகளை என் கண்முன்னே அளந்தார். நான்கில் இரண்டு OL. "வண்டிக்காரருக்கே தெரியாது" என்றார். "இங்க விடியற்காலையிலயும் 24, 25 டிகிரி. சொச்சம் ரெண்டை வெச்சே ஓடிட்டிருக்கு."