பாஸ்வேர்ட் ரீசெட்: மெயில் லிங்க்கா, ஆறு இலக்க ஓடிபியா?

ஒரு வெப் அப்ளிகேஷனைப் பாதுகாப்புக்காகச் சோதிக்க உட்கார்ந்தால், லாகின் பக்கத்துக்கு முன்னால் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?" பக்கத்தைத்தான் நான் திறப்பேன். பாஸ்வேர்ட் தெரியாத ஒருவருக்குக் கணக்கைத் திறந்துவிடுவதற்கென்றே கட்டிய வழி அது. பெரும்பாலான இடங்களில் இரண்டில் ஒன்று இருக்கும்: மெயிலில் நீளமான டோக்கனோடு வரும் லிங்க், இல்லையென்றால் மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வரும் ஆறு இலக்க ஓடிபி. என்னைக் கேட்டால் லிங்க் என்றுதான் சொல்வேன். ஆனால் லிங்க் வைத்துவிட்டோம், இனி பயமில்லை என்று விட்டுவிடவும் முடியாது, இரண்டும் உடைகிற இடம் வேறு.

முதலில் ஓடிபி. ஆறு இலக்கம் என்றால் மொத்தம் 10 லட்சம் எண்கள்தான், அதனால் எத்தனை தடவை தவறாகப் போட விடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 2019-இல் பாதுகாப்பு ஆய்வாளர் லக்ஷ்மண் முத்தையா இன்ஸ்டாகிராமில் கண்டுபிடித்தது இதைத்தான். பத்து நிமிடம் செல்லுபடியாகும் ஆறு இலக்க எண், தடுப்பும் இருந்தது, ஒரே இடத்திலிருந்து 1000 தடவை முயன்றால் சுமார் 250 மட்டும் உள்ளே போனது. ஆனால் பல ஐபிகளிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பியபோது தடுப்பு நிற்கவில்லை. 1000 கணினிகளை வைத்து 2 லட்சம் எண்களை அவர் முயன்று காட்டினார், 5000 ஐபி கிடைத்தால் முழு 10 லட்சத்தையும் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடலாம் என்ற நிலை. 30,000 டாலர் பரிசு கொடுத்தார்கள்.

ஆக, தவறுகளை ஐபிக்கு எண்ணுகிறார்களா, கணக்குக்கு எண்ணுகிறார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது. உங்கள் சொந்த சோதனைக் கணக்கில் இருபது தவறான எண்களைப் போடுங்கள், பாதியை வேறு ஐபியிலிருந்து, கூடவே சிலவற்றை ஒரே நொடியில் இணையாக. அப்புறம் சரியான எண்ணைப் போடுங்கள். கடைசியாகச் சொன்ன இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "முயற்சிகள் அதிகமாகிவிட்டன" என்று செய்தி வந்தாலே தடுப்பு வேலை செய்கிறது என்று எழுதிவிடுவார்கள், ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகும் சரியான எண்ணை ஏற்றுக்கொள்கிற சர்வர்கள் உண்டு.

சரி, கணக்குக்கு ஐந்து தடவை என்று ஒழுங்காக வைத்தாயிற்று. அப்போதும் கதை முடியவில்லை. ஒரே கணக்கைத் தாக்காமல், ஒரு லட்சம் கணக்குகளுக்கு ரீசெட் கேட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்தே ஐந்து எண்களை முயன்றால் என்ன ஆகும்? மொத்தம் 5 லட்சம் முயற்சிகள், ஏதாவது ஒரு கணக்காவது கையில் சிக்க கிட்டத்தட்ட 40 சதவீத வாய்ப்பு. எந்தக் கணக்கிலும் வரம்பு மீறப்படவில்லை, ஆகவே எந்த எச்சரிக்கையும் அடிக்காது. எட்டு இலக்கமாக்கினால் அதே தாக்குதலின் வாய்ப்பு அரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். இரண்டு இலக்கம் கூட்டுவதற்கு எந்தச் செலவும் இல்லை, பிறகு ஏன் ஆறிலேயே நிற்கிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. கூடவே மொத்த அப்ளிகேஷனுக்கும் ஒரு மணி நேரத்தில் எத்தனை தவறான ஓடிபி வருகிறது என்பதையும் கண்காணிக்க வேண்டும்.

ஓடிபியில் இன்னொரு ஓட்டை, அது படிகளாகப் பிரிந்திருப்பதால் வருவது. எண்ணைச் சரிபார்ப்பது ஒரு கோரிக்கை, புதிய பாஸ்வேர்டை வைப்பது இன்னொன்று. இரண்டாவதில் மெயில் முகவரியை பிரவுசரே திரும்ப அனுப்பினால், என் கணக்கில் ஓடிபியைச் சரியாகப் போட்டுவிட்டு, அடுத்த படியில் உங்கள் முகவரியை மாற்றி அனுப்பினால் போதும். யாருடைய ஓடிபி சரிபார்க்கப்பட்டது என்பதை சர்வர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இனி லிங்க். 128 பிட் ரேண்டம் டோக்கனை யாராலும் முயன்று பிடிக்க முடியாது, அந்தத் தலைவலி மொத்தமாகப் போய்விடுகிறது. இங்கே கேள்வி, அந்த லிங்க் யார் கைக்குப் போகிறது என்பதே. 2024 ஜனவரியில் கிட்லேப் சரிசெய்த CVE-2023-7028 இதற்குச் சரியான உதாரணம், தீவிரம் பத்துக்குப் பத்து. இரண்டாவது மெயில் முகவரிக்கும் ரீசெட் அனுப்பலாம் என்று 16.1 பதிப்பில் கொண்டுவந்த மாற்றத்தால், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டியலையே அனுப்ப முடிந்தது:

```
user[email][]=victim@example.com&user[email][]=attacker@example.com
```

பட்டியலில் ஒன்று நிஜக் கணக்கோடு பொருந்தியதும், ஒரே லிங்க் இரண்டு முகவரிக்கும் போய்விட்டது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைத்திருந்தவர்களின் பாஸ்வேர்டை மாற்ற முடிந்தாலும் உள்ளே நுழைய முடியவில்லை. 2019-இல் ஜாங்கோவில் வந்த CVE-2019-19844-உம் இதே குடும்பம்தான், யூனிகோடில் ஒத்துப்போகிற மாதிரி எழுத்து மாற்றிய முகவரியைத் தட்டினால், நிஜ ஆளின் லிங்க் தட்டிய முகவரிக்கே போகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: தட்டச்சு செய்த முகவரியைக் கணக்கைத் தேட மட்டும் பயன்படுத்துங்கள், மெயிலை டேட்டாபேஸில் இருக்கிற முகவரிக்கே அனுப்புங்கள்.

மெயில் சரியான ஆளுக்கே போனாலும் உள்ளே இருக்கிற லிங்க் தவறான சர்வரைக் காட்டலாம். லிங்க்கின் டொமைனை வந்த கோரிக்கையின் `Host` ஹெட்டரிலிருந்து எடுத்தால், அதை மாற்றி அனுப்புகிறவருக்கு டோக்கன் கிடைத்துவிடும், பாதிக்கப்பட்டவர் ஒரு கிளிக் செய்தால் போதும். `Host`, `X-Forwarded-Host` இரண்டையும் தனித்தனியாக மாற்றி, வருகிற மெயிலைத் திறந்து பாருங்கள். டொமைன் மாறியிருந்தால் அதை செட்டிங்ஸில் நிலையாக எழுதச் சொல்லுங்கள்.

ஒரு தடவைதான் செல்லும் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. அலுவலக மெயில்களில் வைரஸ் சோதிக்கும் மென்பொருள், ஆள் தொடுவதற்கு முன்பே லிங்க்கைத் திறந்து பார்த்துவிடும். திறந்ததுமே டோக்கன் செத்துவிட்டால் பயனர்கள் புகார் செய்வார்கள், உடனே டெவலப்பர் அந்தக் கட்டுப்பாட்டையே எடுத்துவிடுவார். அப்படிச் செய்ய வேண்டியதில்லை, `GET`-இல் படிவத்தை மட்டும் காட்டி, புதிய பாஸ்வேர்ட் `POST` ஆகி வரும்போது டோக்கனை முடித்தால் போதும். ஜாங்கோவின் டோக்கன் பழைய பாஸ்வேர்டின் ஹேஷையும் சேர்த்தே உருவாவதால், பாஸ்வேர்ட் மாறியதும் தானாகச் செத்துவிடும், நல்ல வடிவமைப்பு. அதன் ஆயுள் மட்டும் மாற்றாமல் விட்டால் மூன்று நாள், ஒரு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது, ஒரு முகவரிக்குக் கணக்கு இருக்கிறதா இல்லையா என்று வெளியே கசிவது. மேலே சொன்ன ஒரு லட்சம் கணக்குத் தாக்குதலுக்கு வேண்டிய பட்டியல் இங்கிருந்துதான் கிடைக்கிறது. லிங்க் முறையில் இதை அடைப்பது எளிது, "கணக்கு இருந்தால் மெயில் வரும்" என்று எல்லோருக்கும் ஒரே பக்கம், அதோடு முடிந்தது. நேரம் மட்டும் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் கணக்கு இருந்தால் மெயில் அனுப்பி முடிக்கும்வரை பதில் தாமதமாகும். மெயில் சர்வர் படுத்துவிட்டால் இருக்கிற கணக்குக்கு மட்டும் எரர் பக்கம் வரும், 2024-இல் ஜாங்கோவில் CVE-2024-45231 என்று திருத்தியது அதைத்தான். மெயிலை வரிசையில் போட்டு பின்னணியில் அனுப்பினால் இரண்டுமே சரியாகும்.

ஓடிபியில் இதே வேலை ரொம்பக் கடினம். இல்லாத கணக்குக்கும் எண் கேட்கும் பக்கத்தைக் காட்ட வேண்டும், தவறுகளை எண்ண வேண்டும், ஐந்துக்கு மேல் அதே மாதிரிப் பூட்ட வேண்டும், "கடைசி இரண்டு இலக்கம் 42 என முடியும் எண்ணுக்கு அனுப்பினோம்" என்று காட்டவே கூடாது. ஆகவே இருக்கிற கணக்கு ஒன்று, இல்லாத முகவரி ஒன்று என எடுத்து, முதல் பதிலோடு நிறுத்தாமல் ஆறாவது தவறான எண்வரைக்கும், மறுபடி அனுப்பு பட்டன்வரைக்கும், ஸ்டேட்டஸ் கோட், குக்கி, எடுத்த நேரம் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்காவது, ஐந்தாவது படியில்தான் பெரும்பாலும் வித்தியாசம் வெளியே வரும்.