ரயில் பெட்டியா, மாடிப்படியா: முதல் சந்திப்பிலேயே எவ்வளவு சொல்லலாம்?

போன வருடம் மதுரையில் வீடு மாறினேன். சாமான் இறக்கி முடிக்கும் முன்பே கீழ்வீட்டு அக்கா மூன்று கேள்வி கேட்டுவிட்டார்: "சம்பளம் எவ்வளவு தம்பி? தங்கச்சி உங்ககூடதான் இருக்காளா? ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்டீங்க?" அதற்கு முந்தைய வாரம் பாண்டியன் எக்ஸ்பிரஸில் எதிர் பெர்த்காரரும் கிட்டத்தட்ட இதே மூன்றைத்தான் கேட்டார். ஆனால் இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

சம்பளத்தை முதலில் பார்ப்போம். நாலு வழி இருக்கிறது: உள்ளதைச் சொல்வது, பொய் சொல்வது, மழுப்புவது, "அதெல்லாம் எதுக்குங்க" என்று வெட்டுவது. வெட்டினால் கீழ்வீட்டோடு உறவு அன்றைக்கே முடிந்தது. பொய் சொன்னால் வருடக்கணக்கில் அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். உள்ளதைச் சொல்லலாம் என்றாலும், எந்த எண்ணைச் சொல்வது? கம்பெனி எனக்காகச் செலவு செய்யும் மொத்தத் தொகை, அதாவது சிடிசி, வருடத்துக்கு 7,20,000, மாதக் கணக்கில் 60,000. அதில் வருடக் கடைசியில் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்கிற போனஸ் மாதத்துக்கு 6,000 கணக்கு. அடிப்படைச் சம்பளம் 30,000 என்பதால் கம்பெனி பங்கு பி.எஃப். 3,600, என் பங்கு 3,600, கிராஜுவிட்டிக்கு ஒரு 1,450 போல. இதெல்லாம் போனால் கையில் வருவது சுமார் 45,000. "அறுபது" என்று பெருமைக்குச் சொல்லிவிட்டால், என்னிடம் இல்லவே இல்லாத 15,000 ரூபாயை நம்பி யாராவது கடன் கேட்பார்கள், வீட்டு ஓனரும் வாடகையை ஏற்றுவார். அதனால் அக்காவிடம் "பிடித்தமெல்லாம் போக நாற்பத்தஞ்சு கிட்ட வரும்க்கா" என்றேன். இது மழுப்பல்தான், ஆனால் பொய் இல்லை. ரயில்காரரிடம் இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை, "ஓடுதுங்க" என்றதே போதும்.

குடும்ப விஷயத்தில்தான் நான் தலைகீழாகத் தப்புக் கணக்கு போட்டேன். முன்பின் தெரியாதவர், விடிந்தால் இறங்கிப் போய்விடுவார், அவரிடம் மனதைக் கொட்டினால் என்ன என்று நம் எல்லோருக்குமே தோன்றும். ஜார்ஜ் சிம்மல் என்கிற ஜெர்மன் சமூகவியலாளர் 1908-லேயே இதை எழுதியிருக்கிறார்: நெருங்கியவர்களிடம் மறைப்பதைக்கூட வெளியாளிடம் சொல்லிவிடுவார்கள் என்று. சரி, ஆனால் மதுரைக்குப் போகும் ரயிலில் யார் வெளியாள்? தங்கையின் விவாகரத்து வழக்கு, மாப்பிள்ளை வீட்டார் நகையைத் திருப்பித் தராதது, எல்லாவற்றையும் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். "அட, எங்க சித்தி வீடு அங்கதானே!" என்றார். பத்து நாளில், நாங்கள் நகைக்காகத்தான் வழக்கே போட்டோம் என்று அந்த ஊரில் பேச்சு. தங்கை என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. அது அவள் கதை, நான் எடுத்துச் சொன்னதே தப்பு.

இந்த விஷயத்தில் கீழ்வீட்டு அக்காதான் பத்திரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் நான் கொஞ்சமாகச் சொன்னது வேலை செய்தது. "ஆமாக்கா, இப்போதைக்கு எங்ககூடதான் இருக்கா" என்று நடப்பை மட்டும் சொன்னேன், காரணத்துக்குள் போகவில்லை. "ஏன்?" என்று மறுபடி கேட்டபோது "அவளே சொல்லுவா" என்றேன். ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால், தெருவே ஒரு காரணத்தைத் தயார் செய்திருக்கும்.

உடம்பு விஷயம் வேறு மாதிரி. எனக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறேன். அக்காவிடம் சொன்ன மறுநாளே பாகற்காய் ஜூஸும் ஆவாரம்பூ பொடியும் மாடியேறி வந்துவிட்டன, ஊசியை நிறுத்தச் சொல்லி ஒரு வைத்தியரின் விலாசமும் சேர்த்து. கேட்பவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லாத இடத்தில் நோயின் பெயரைச் சொன்னால் இப்படித்தான், அறிவுரையாகத் திரும்பி வரும். ரயிலில் மட்டும் இதை மறைக்கவே கூடாது. இரவில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறான் என்று ஒதுங்கிவிடுவார்கள். அதனால் நோய்க் கதையை விட்டுவிட்டு, அவர் செய்ய வேண்டியதை மட்டும் சொல்வேன்: "சார், நான் உளறினா பையோட முன் ஜிப்புல சர்க்கரை இருக்கு, மூணு டீஸ்பூன் தண்ணில கலக்கிக் குடுங்க. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாம ரயில்வே ஹெல்ப்லைன் 139-க்கு அடிங்க."

நகைக் கதையை ஊருக்குக் கொண்டுபோன அதே ஆளிடம்தான் அன்றைக்கு இதையும் சொன்னேன். இரவில் இரண்டு தடவை எழுந்து, "தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார் மனுஷன்.