கால் லாக்கைக் காட்டி "போன் ஹேக் ஆயிடுச்சு" என்றால் பணம் கொடுக்காதீர்கள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெற்றோர் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சத்துவாச்சாரியில் இருக்கிற எங்கள் பெரியம்மாவை ஒரே நாளில் இரண்டு பேர் ஏமாற்றினார்கள். ஒருவன் எங்கேயோ வெளிநாட்டில் இருப்பவன். இன்னொருவர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்.

பெரியம்மாவின் மகன் ரியாத்தில் வேலை செய்கிறான். அன்று காலை போனில் தெரியாத நம்பர்களும் சிவப்பு எழுத்துமாக இருக்கவே, பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினார். வேலையில் இருந்ததால் நான் மதியம்தான் பார்த்தேன். அதற்குள் அவர் கடைக்குப் போய்விட்டார். கடைக்காரர் கால் லாக்கை, அதாவது வந்த கால், போன கால் எல்லாம் இருக்கிற லிஸ்டை, மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சிவப்பா இருக்கறதெல்லாம் வைரஸ் நம்பர். வெளிநாட்டுக்காரன் உள்ள பூந்துட்டான். ஹேக் எடுக்கணும்" என்று சொல்லி 1,800 ரூபாய் வாங்கியிருக்கிறார். செய்தது ஃபேக்டரி ரீசெட். பேக்கப் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. பெரியப்பாவின் கடைசி வருடப் போட்டோக்கள் அதோடு போய்விட்டன. கால் லாக்கும் அழிந்தது. எனக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் மிச்சம்.

அதில் இருந்தது என்ன என்று சொல்கிறேன். புதிய கால் மேலே, பழையது கீழே வரும். நடந்தது புரிய வேண்டுமானால் கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.

அடியில் இருந்தது +224 என்று தொடங்கும் நம்பர், மிஸ்டு கால், பக்கத்தில் (2). நேரம் அதிகாலை 2:15. அடைப்புக்குள் இருக்கிற 2, அடுத்தடுத்து இரண்டு முறை வந்தது என்பதற்கான கணக்கு. காட்டுகிற நேரம் கடைசியாக வந்ததன் நேரம். +224 மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற கினியா நாட்டின் கோடு. சவுதி என்றால் +966 என்று வர வேண்டும். தூக்கக் கலக்கத்தில் எந்தத் தாய் இதைப் பிரித்துப் பார்ப்பாள்? ராத்திரி ரெண்டு மணிக்கு வெளிநாட்டு நம்பர் என்றால் பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவர்கள் நள்ளிரவில் அடிப்பதே அதற்காகத்தான்.

அதற்கு மேலே அதே நம்பர், 5:40 மணி. இந்த வரியில் அம்புக்குறி மாறியிருந்தது. மிஸ்டு காலுக்கு மடங்கிய சிவப்பு அம்பு இருக்கும். இதில் மேல்நோக்கிச் சாய்ந்த அம்பு. அதாவது இங்கிருந்து போன கால். கடைக்காரர் கவனிக்காமல் விட்டது இந்த ஒரு அம்பைத்தான். உள்ளே யாரும் புகவில்லை. பெரியம்மா திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் கேட்டபோது, "ஆமா கண்ணு, பண்ணேன். யாருமே எடுக்கல, ரிங்கு மட்டும் போய்க்கினே இருந்துச்சு" என்றார். இரண்டாவது ஸ்கிரீன்ஷாட்டில் அந்த நம்பரின் விவரப் பக்கம் இருந்தது. அதில் பேசிய நேரம் 6 நிமிடம் 41 நொடி. எதிர்முனையில் எடுக்காத காலுக்கு இந்த இடத்தில் பூஜ்யம்தான் இருக்கும். எடுத்த பிறகுதான் நொடி ஓட ஆரம்பிக்கும். ஆக, அந்தக் கால் எடுக்கப்பட்டிருக்கிறது. எடுத்த பிறகு ரிங் சத்தத்தைப் பதிவு செய்து ஓடவிட்டிருக்கிறார்கள். பெரியம்மா காதில் கேட்டது அதுதான்.

இந்த மோசடிக்கு வாங்கிரி என்று பெயர். ஜப்பானில் வைத்த பெயர். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் கூப்பிட்டவனுக்குச் செலவு இல்லை. நாம் திருப்பிக் கூப்பிட்டால் நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் இருக்கிற நம்பருக்குப் போகும், அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு அவனுக்குச் சேரும். அதனால் எவ்வளவு நேரம் லைனில் நிற்க வைக்கிறானோ அவ்வளவு லாபம். மிஸ்டு கால் வந்ததால் மட்டும் இதில் ஒரு பைசாவும் போகாது. பெரியம்மாவுடையது மகன் போட்டுக்கொடுத்த போஸ்ட்பெய்டு, ஐஎஸ்டி திறந்தே இருந்தது. பில்லில் அந்த 5:40 காலுக்கு மட்டும் எழுநூறு ரூபாய்க்கு மேல் வந்தது.

இனி சிவப்பு எழுத்து. ஸ்பேம், அதாவது தொந்தரவு அழைப்பு, என்று போன் சந்தேகப்படும் நம்பருக்குப் போடுகிற லேபிள் அது. +224 நம்பருக்கு எந்த லேபிளும் இல்லை. இந்தக் கும்பல் நம்பரை மாற்றிக்கொண்டே இருக்கும், புகார் சேர்வதற்குள் அடுத்த நம்பருக்குப் போய்விடும். சிவப்பில் இருந்தவை இரண்டு. ஒன்று 140 என்று தொடங்கியது. அது விளம்பர அழைப்புக்காகவே ஒதுக்கிய வரிசை. தொந்தரவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இன்னொன்றில் மிஸ்டு கால் (3), நம்பர் 0416 என்று ஆரம்பித்தது. அது வேலூரின் சொந்த எஸ்டிடி கோடு. எனக்குச் சந்தேகம் வந்து அதற்குப் போட்டேன். பெரியம்மா கண் காட்டுகிற ஆஸ்பத்திரி! டாக்டர் வருகிற நாள் மாறிவிட்டது என்று சொல்ல மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். ஸ்பேம் லேபிள் பெரும்பாலும் மற்றவர்கள் கொடுத்த புகாரை வைத்து வருவது. ஒரே நம்பரிலிருந்து நூறு பேருக்கு ஞாபகப்படுத்தினால், நாலு பேர் எரிச்சலில் ஸ்பேம் என்று அழுத்திவிடுவார்கள். ஆபத்தான நம்பர் வெள்ளையாகவும் வேண்டிய நம்பர் சிவப்பாகவும் இருந்த அந்த லிஸ்டைத்தான் கடைக்காரர் வைரஸ் பட்டியலாகப் படித்துக் காசு வாங்கினார். இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

கஸ்டமர் கேரில், "நீங்கதானே டயல் பண்ணியிருக்கீங்க, பில் சரிதான்" என்று முடிக்கப் பார்த்தார்கள். விடாமல் புகார் எண் வாங்கினேன். அந்தப் பதில் திருப்தி இல்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் இணைத்து அங்கே அனுப்பியிருக்கிறேன். பில்லில் இருக்கும் நேரமும் ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் நேரமும் நொடி பிசகாமல் பொருந்துகிறது. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியிலும் அந்த நம்பரைப் பதிந்தேன். பேங்க் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குத்தான் அடிக்க வேண்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் பயந்துபோய் எல்லா வெளிநாட்டு நம்பரையும் பிளாக் பண்ண வேண்டாம். கஸ்டமர் கேரில் சொல்லி, வெளியே போகிற ஐஎஸ்டியை மட்டும் நிறுத்துங்கள். உள்ளே வருகிற கால் வந்துகொண்டேதான் இருக்கும். பெரியம்மா மகனோடு இமோவில்தான் பேசுவார், அது நெட்டில் போவதால் அதற்கும் தடையில்லை. அமெரிக்காவில் பிள்ளை இருப்பவர்கள் +1-ஐப் பார்த்ததும் நம்பிவிடாதீர்கள். ஜமைக்காவும் +1 876 என்றுதான் வரும். பிள்ளையின் நம்பரைப் பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள். பெயர் வராத வெளிநாட்டு மிஸ்டு கால் என்றால், பிள்ளையின் நம்பருக்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டுக் கேளுங்கள்.

கடைக்குப் போனாலும், ரீசெட் என்ற பேச்சு வந்த உடனே போனைத் திரும்ப வாங்கிவிடுங்கள். போட்டோக்களை வேறு இடத்தில் ஏற்றி, கால் லாக்கை விவரப் பக்கத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிய பிறகு மற்றதைப் பார்க்கலாம்.