ஏற்காடு காபி பாக்கெட்டில் எந்தப் படம்: சூரியனா, சுமங்கலியா, விளக்கா, காபிக் கிளையா?

ஏற்காட்டில் விளைந்த காபியை 250 கிராம் பாக்கெட்டாகப் போட்டு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதே பாக்கெட்டைச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரம் செய்யும் ஜெயின் குடும்பமும், கோட்டைப் பகுதி முஸ்லிம் வீடும், தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசும் தறிக்காரர் வீடும் வாங்க வேண்டும். சீசனில் மலையேறி வரும் பெங்களூரு, கேரளக்காரர்கள் ஏரிக்கரைக் கடையில் அதை எடுத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் வளைகுடாவுக்கும் போகும். முன்பக்கம் 12 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம். அதில் என்ன படம் போடுவது?

டிசைனரிடம் கேட்டால் பெரும்பாலும் நான்கு யோசனைகள் வரும்: மலைக்கு நடுவே எழும் சூரியன், டம்ளரோடு நிற்கும் குடும்பப் பெண், குத்துவிளக்கு அல்லது சாமி படம், காபிக் கிளை. நான்குமே அழகாக வரையக்கூடியவை. ஆனால் பார்ப்பவர் மனதில் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் போய் விழுகிறது.

மலையும் சூரியனும்

மலை ஊர் என்பதால் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் இரண்டு மலைகளுக்கு நடுவே கதிர்களோடு எழும் சூரியன், தமிழ்நாட்டில் தி.மு.க.வின் உதயசூரியன். படத்தை எவ்வளவு நவீனமாக வரைந்தாலும் மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது நுணுக்கம் மறைந்து வடிவம் மட்டும் நிற்கும். அப்போது அது தேர்தல் சுவரொட்டிதான். யாரும் கடைக்கு வந்து சண்டை போட மாட்டார்கள். வேறு கட்சி அனுதாபியான கடைக்காரர் பாக்கெட்டைக் கீழ்த்தட்டில் வைத்துவிடுவார், அவ்வளவுதான். இந்த வகைப் பிழையில் புகாரே வராது என்பதால், விற்பனை ஏன் மந்தம் என்று கடைசிவரை தெரியாது.

மலையை விடாமல் சூரியனை விட்டால் பிழைக்கலாம். ஒரே தொடராக நீளும் மலைமுகடு, மேலே மேகம், கீழே மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் என்று வரைந்தால் சேர்வராயன் மலை மாதிரியே இருக்கும். சேலம் என்றதும் மாம்பழத்தைச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால், அது பா.ம.க.வின் சின்னமாகப் பல தேர்தல்களில் பதிந்த படம் என்பதை நினைவில் வைக்கவும். மாம்பழம் விற்பவருக்கு வேறு வழியில்லை. காபி விற்பவருக்கு அந்தச் சுமை தேவையில்லை.

குடும்பப் பெண்

மனித முகம் கண்ணை இழுக்கும் என்பது உண்மை. அதனாலேயே அதில் உள்ள ஒவ்வொரு அடையாளத்தையும் மக்கள் படிப்பார்கள். பொட்டு, தாலி, மல்லிகைப்பூ மூன்றும் இருந்தால் அவள் இந்துச் சுமங்கலி; முஸ்லிம், கிறிஸ்தவ வீடுகளுக்கு “இது நம்ம வீட்டுப் படம் இல்லை” என்று ஆகிவிடும். சரி, பொட்டை எடுத்துவிடலாம் என்றால் அதுவும் எளிதல்ல. 2021 தீபாவளிக் காலத்தில் பொட்டு இல்லாத மாடல்களைக் காட்டிய பண்டிகை விளம்பரங்களை எதிர்த்துச் சமூக வலைத்தளங்களில் ஓர் இயக்கமே நடந்தது. இருக்கும் அடையாளத்தைப் போலவே எடுத்துவிட்ட அடையாளமும் பேசும்.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு: முகத்தை விட்டுக் கையை மட்டும் காட்டுவது. மெல்லிய ஒற்றைத் தங்க வளையல் எல்லா மதத்துப் பெண்களும் போடுவது. கண்ணாடி வளையல் அடுக்கோ மருதாணியோ வேண்டாம். அவை கல்யாண வீட்டை நினைவூட்டும்.

கை என்றதும் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் படத்தைத் திருப்புவது. எழுத்துக்கு இடம் பண்ண டிசைனர் புகைப்படத்தை இடவலமாகப் புரட்டுவது தினமும் நடக்கிற வேலை. புரட்டியதும் வலது கை இடது கையாகிவிடும். இடது கையால் காபி நீட்டுவது இந்து வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஒருபோலவே உறுத்தும். முழு உருவமாக இருந்தால் இடது தோளில் கிடக்க வேண்டிய முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். “என்னவோ சரியில்லை” என்று தோன்றும், ஏன் என்று சொல்லத் தெரியாது. அரபு மொழிப் பெட்டிக்கு வலமிருந்து இடமாக அமைப்பை மாற்றும்போது இந்தப் பிழை மறுபடி நுழையும். எழுத்தின் திசை மாறலாம், புகைப்படம் மாறக்கூடாது.

பாத்திரத்திலும் ஒரு கண் வேண்டும். ஒருவர் கையில் எவர்சில்வர் டம்ளர், பக்கத்தில் எஸ்டேட் தொழிலாளி கையில் கண்ணாடிக் கிளாஸ் என்று ஒரே படத்தில் காட்டுவது, எடுத்தவருக்கு வெறும் வண்ண வேறுபாடாகத் தெரியலாம். இரட்டைக் குவளையின் நினைவு இன்னும் ஆறாத ஊர்களில் அந்தப் படம் நெஞ்சில் குத்தும். எல்லார் கையிலும் ஒரே பாத்திரம் இருக்கட்டும்.

விளக்கும் சாமியும்

மற்ற மதத்தவர் வாங்க மாட்டார்கள் என்பது இங்கே இரண்டாவது காரணம்தான். முதலில் சங்கடப்படுபவர் பக்தர். பாக்கெட் குப்பைக்குப் போகும், காலில் மிதிபடும். அதைவிட முன்னால் ஒரு விஷயம் நடக்கும்: பாக்கெட்டைக் கிழிப்பது. கிழிப்பதற்கான வெட்டு மேல்விளிம்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. கீழே இருக்கும். படத்தை மேலே ஏற்றி வைத்திருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் அந்தச் சாமியின் தலை கிழியும். சேர்வராயன் கோயில் தெய்வத்தைப் பாக்கெட்டில் போடும் எண்ணத்தை மலைவாழ் மலையாளி மக்களின் கண்ணில் வைத்துப் பார்த்தால் போதும்.

சட்டமும் இதில் உதவாது. 1999 வணிகக் குறிகள் சட்டத்தின் 9(2) பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறியைப் பதிவு செய்யத் தடை போடுகிறது. ஊதுபத்திக்கு ராமாயணத்தின் பெயரை வணிகக் குறியாகக் கோரிய வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனக்கென உரிமை கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது.

குத்துவிளக்கு அரசு விழாவிலும் ஏற்றப்படுவதால் சற்றுப் பொதுவானது போலத் தோன்றும். குங்குமமும் பூவும் வைத்து ஐந்து முகமும் எரிந்தால் அது பூஜைதான். காபிக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. இந்த யோசனையை முழுதாகக் கைவிடலாம்.

காபிக் கிளை

எங்கள் தீர்ப்பு இதற்குத்தான்; ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடாது. காபிச் செடியில் இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக வரும். கிளை நுனியை மட்டும் எடுத்து வரைந்தால் இரண்டு இலை விரிந்து நிற்கும், அது அ.தி.மு.க.வின் இரட்டை இலை. சூரியனிலிருந்து தப்பித்து இலையில் மாட்டிக்கொள்வோம்.

அதனால் நுனியை வெட்டிவிட்டு நடுக்கிளையை எடுக்கவும். சாய்வாகக் குறுக்கே போகும் கிளை, மூன்று ஜோடி இலைகள், ஒவ்வொரு கணுவிலும் நெருக்கமாகப் பழக்கொத்து. கிளையின் இரு முனையும் பாக்கெட்டின் விளிம்புக்கு வெளியே போய்விட வேண்டும். பழத்தை இலையைவிட முன்னால் நிறுத்தினால் கண் முதலில் பழத்தில் விழும், பிறகுதான் இலை.

நிறம்

நிறத்தைத் தனியாக எடுத்து “வெள்ளை அமங்கலம், கறுப்பு ஆகாது” என்று பட்டியல் போடுவது நம் ஊரில் செல்லாது. சேலம் வெண்பட்டு வேட்டி மாப்பிள்ளைக்கு உடுத்துவது; கரையில்லாத வெள்ளைப் புடவை துக்கம். துணி அதே வெள்ளைதான், ஜரிகைக் கரைதான் அர்த்தத்தை மாற்றுகிறது. வெள்ளைப் பாக்கெட் வேண்டுமென்றால் ஓரத்தில் ஒரு கரை இருக்கட்டும்.

அதிகம் சறுக்குவது நிறங்களின் அடுக்கில். கறுப்பும் சிவப்பும் மேல்கீழாக வந்தால் ஒரு கட்சிக்கொடி. நீலம், மஞ்சள், சிவப்புப் பட்டைகள் இன்னொன்று. காவி, வெள்ளை, பச்சை அடுக்கி நடுவே மேலிருந்து பார்த்த காபிக் கோப்பையை வட்டமாக வைத்தால் தேசியக்கொடி போல ஆகிவிடும். அதை வணிகத்துக்குப் பயன்படுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவர்கள் சாதியைக் காட்டக் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றி 2019இல் கல்வித்துறை சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. நிறம் இங்கே அந்த அளவுக்குப் படிக்கப்படுகிறது.

தப்பிக்க எளிய வழி, ஒரே நிறத்துக்குப் பாக்கெட்டின் முக்கால் பங்கைக் கொடுத்துவிடுவது. இரண்டாவது நிறம் இணைப்பட்டையாக இல்லாமல் எழுத்திலும் படத்திலும் மட்டும் வரட்டும். கறுப்பும் பொன்னும் பெங்களூருக்காரர் கண்ணுக்கு உயர்தரக் காபி. ஆனால் அதையே புதுமனைப் புகுவிழாவுக்குப் பரிசாகக் கொடுக்கப் பல வீடுகளில் தயங்குவார்கள். அரக்கு நிறம் இரண்டுக்கும் ஒத்துவரும், எந்த மதத்துக் கல்யாண வீட்டிலும் அது அந்நியமில்லை. ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை: பழுப்புக் கிராஃப்ட் தாளில் நேரடியாக அச்சடித்தால் அரக்கு சேறு மாதிரி மங்கிவிடும். முதலில் வெள்ளை மை அடித்தளம் போடச் சொல்லி, அதன்மேல் அரக்கு அடிக்க வேண்டும்.

ஜெயின் குடும்பம் முதலில் தேடுவது சைவக் குறியை. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும். நம் முன்பக்கம் 216 சதுர செ.மீ.; 100 முதல் 500 வரையுள்ள பரப்புக்கு வட்டம் குறைந்தது 4 மி.மீ., சதுரத்தின் பக்கம் 8 மி.மீ. அரக்கின்மேல் நேரடியாகப் போட்டால் மறைந்துவிடும். வெள்ளைக் கட்டம் ஒன்றின்மேல் வைக்கவும்.

வளைகுடாப் பெட்டி

வெளிநாட்டுப் பெட்டியில் “தமிழ் மணம்” வர வேண்டும் என்று ஓரத்தில் கோலம் போடுவார்கள். புள்ளிக் கோலங்களில் மிகச் சாதாரணமானது, இரண்டு முக்கோணம் பின்னிய ஆறுமுனை நட்சத்திரம். நமக்கு அது வாசல், முருகனின் அறுகோணம். வளைகுடாவில் அது இஸ்ரேல் கொடியில் உள்ள நட்சத்திரம். வளைந்து பின்னும் சிக்குக் கோலம் போடலாம். ஸ்வஸ்திக் வடிவம் வரும் கோலத்தை ஐரோப்பாவுக்கும் அனுப்ப வேண்டாம், ஜெர்மனியில் அது நாஜிச் சின்னமாகவே பார்க்கப்படும்.

விற்கும் நாடுகளின் கொடிகளை வரிசையாக அச்சடிக்கும் பழக்கமும் ஆபத்தானது. சவூதி கொடியில் இஸ்லாமிய உறுதிமொழி எழுதப்பட்டிருக்கிறது. 1994 உலகக்கோப்பைக் கால்பந்தின்போது மெக்டொனால்ட்ஸ் அந்தக் கொடியை உணவுப் பையில் அச்சடித்து, குப்பையில் போகும் பையில் அந்தப் புனித உறுதிமொழி வருவதா என்று எதிர்ப்பு கிளம்பியதும் பைகளைத் திரும்பப் பெற்றது. சாமியின் தலை கிழியும் அதே சிக்கல்தான்.

அச்சுக்கு முன்

விளக்கு தவிர மற்ற மாதிரிகளை உண்மை அளவில் அச்செடுத்து, காலிப் பாக்கெட்டில் ஒட்டி, பன்னிரண்டு பேரிடம் காட்டவும். மேலே சொன்ன வீடுகள் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு பேராவது இருக்கட்டும். ஐந்து நொடி காட்டிவிட்டு மறைத்துவிடவும். “இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டால் மரியாதைக்கு “நல்லாத்தானே இருக்கு” என்பார்கள். “என்ன பார்த்தீங்க? இதை விக்கிறவங்க யாரா இருக்கும்? யாருக்கு வாங்கிக் கொடுப்பீங்க?” என்று கேட்கவும். இரண்டாவது கேள்விக்கு இரண்டு பேர் ஒரு கட்சியையோ சாதியையோ மதத்தையோ சொன்னால் அந்த மாதிரியைத் திருத்த வேண்டும். பிறகு அதே படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து எதிர்ச்சுவரில் ஒட்டிப் பார்க்கவும். இரட்டை இலை ஒளிந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். அச்சகத்திலிருந்து இறுதி மாதிரி வரும்போது அசல் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து, நீட்டியிருப்பது வலது கைதானா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவும்.